நெட் துணியின் நிறத்தை மாற்றினாலும் உள்ளே தெரியும் தோல் மாறாமல் இருக்க

கருப்பு நெட் கை வைத்த ஒரு உடை. அதை அணிந்தவரின் படத்தில், கையை மட்டும் மெரூன் நிறத்துக்கு மாற்ற வேண்டும். போட்டோஷாப் கற்கத் தொடங்கியவர்கள் முதலில் போவது Hue/Saturation பக்கம்தான். கையைச் சுற்றி செலக்‌ஷன் போட்டு Hue ஸ்லைடரை நகர்த்தினால், துணி கருப்பாகவே இருக்கும். உள்ளே தெரியும் தோல்தான் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறும். கருப்புக்கு நிறச்செறிவு கிடையாது. செறிவு இல்லாத இடத்தில் Hue திருப்புவதற்கு எதுவும் இல்லை. செறிவு இருப்பது தோலில்தான்; அதனால் ஸ்லைடர் தோலைத்தான் பிடிக்கிறது. வெள்ளை லேஸிலும் இதே கதைதான்.

அடுத்ததாக Color Range மூலம் கருப்பை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார்கள். தடித்த நூல்கள் சிக்கும், மெல்லியவை விட்டுப்போகும், ஓரங்கள் பொரிப்பொரியாக வரும். இந்த இரண்டு வழிகளும் ஒவ்வொரு பிக்சலையும் ‘இது துணி’ அல்லது ‘இது தோல்’ என்று எடுத்துக்கொள்கின்றன. நெட் துணியில் பெரும்பாலான பிக்சல்கள் இரண்டும் கலந்தவை. நூல் ஒரு பிக்சலைவிட மெல்லியதாக இருந்தால் அந்த ஒரே பிக்சலுக்குள் நூலும் இருக்கும், தோலும் இருக்கும். நூல் தடிமனாக இருந்தாலும் அதன் இரண்டு ஓரங்களும் கலவைதான். ஆகவே கேட்க வேண்டியது ‘இந்தப் பிக்சல் துணியா?’ என்றல்ல, ‘இதில் எவ்வளவு துணி?’ என்று.

அந்த அளவை மறைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையின் நடுவில் மறைப்பு 0, தடித்த நூலின் நடுவில் 1, பாதிக்குப் பாதி என்றால் 0.5. அப்போது படத்தில் நாம் பார்க்கும் நிறம் இப்படி உருவாகிறது:

```
தெரியும் நிறம் = மறைப்பு × நூல் + (1 − மறைப்பு) × தோல்
```

எண்களோடு பார்க்கலாம். தோல் R 190, G 140, B 110. கருப்பு நூல் 20, 20, 20. மறைப்பு 0.5 உள்ள பிக்சல் 105, 80, 65 என்று வரும். நூலை மெரூன் ஆக்க வேண்டும். மெரூனுக்கு 110, 20, 40 எடுத்துக்கொள்வோம். தோல் அப்படியே இருக்க நூல் மட்டும் மாறினால் அந்தப் பிக்சல் 150, 80, 75 ஆக வேண்டும்: மெரூனில் பாதி, தோலில் பாதி.

இப்போது பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 105 என்பது 150 ஆனது, 80 மாறவில்லை, 65 என்பது 75 ஆனது. கூடியது 45, 0, 10. புதிய நூலுக்கும் பழைய நூலுக்கும் உள்ள வித்தியாசம் 90, 0, 20. அதில் சரிபாதிதான் கூடியிருக்கிறது. இந்த முறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது:

```
புதிய நிறம் = பழைய நிறம் + மறைப்பு × (புதிய நூல் − பழைய நூல்)
```

இதில் தோல் என்ற சொல்லே வரவில்லை. தோலைப் பிரித்தெடுக்கவோ மறுபடி வரையவோ தேவையில்லை. ஓட்டையில் மறைப்பு 0, ஆகவே அங்கே கூடுவதும் 0. துணி இரண்டாக மடிந்த இடத்தில் 0.5 மறைப்பு தானே 0.75 ஆகியிருக்கும், நிறமும் அதற்கேற்பக் கூடும். நமக்கு வேண்டியது இரண்டே பொருள்கள்: கூட்ட வேண்டிய வித்தியாச நிறம், மறைப்பைச் சொல்லும் ஒரு மாஸ்க்.

வித்தியாச நிறம் எளிது. Eyedropper-இன் Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்து, கருப்பு முழுதாக இருக்கும் இடத்தில், அதாவது தையல் ஓரத்திலோ துணி பலமடிப்பாகச் சுருங்கிய இடத்திலோ, நூலின் நிறத்தை எடுங்கள். வேண்டிய நிறத்திலிருந்து அதைக் கழியுங்கள். நம் கணக்கில் 90, 0, 20. இந்த நிறத்தில் ஒரு Solid Color லேயர் போட்டு, பிளெண்டிங் மோடை Linear Dodge என்று வையுங்கள். அது கீழே உள்ள எண்ணோடு தன் எண்ணைக் கூட்டும். லேயர் மாஸ்க்கில் மறைப்பு இருந்தால், அந்த விகிதத்துக்குத்தான் கூட்டும். மேலே உள்ள சூத்திரம் அப்படியே லேயராகிவிட்டது.

பலரும் சறுக்குவது இங்கேதான். வித்தியாச நிறத்தை விட்டுவிட்டு, மெரூனையே Normal மோடில் அதே மாஸ்க்கோடு போட்டுவிடுவார்கள். அப்போது பாதி மறைப்புள்ள பிக்சல் 150, 80, 75 ஆவதற்குப் பதிலாக ஏறக்குறைய 108, 50, 53 ஆகிவிடும். படத்தில் ஏற்கெனவே தோலின் பாதியைக் கருப்பு நூல் மறைத்திருக்கிறது. மீதமிருக்கும் தோலையும் பழைய கருப்பையும் நாம் போட்ட மெரூன் மறுபடி பாதியாக்குகிறது. தோலில் கால் பங்குதான் மிஞ்சும். விளைவு, நெட் தடித்துப் போய் அழுக்கேறியது போலத் தெரியும். நிறம் சரி, மாஸ்க்கும் சரி, ஆனாலும் துணி கனமாகத் தெரிகிறது என்றால் முதலில் பிளெண்டிங் மோடைப் பாருங்கள்.

மறைப்பு மாஸ்க் எடுப்பது

உழைப்பு முழுவதும் மாஸ்க்கில்தான். Channels பேனலில் மூன்று சேனல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தோல் எந்த நிறத்தவருடையதாக இருந்தாலும் சிவப்புச் சேனலில்தான் மிக வெளிச்சமாக இருக்கும். கருப்பு நூல் மூன்றிலும் இருட்டு. ஆகவே கருப்பு நெட்டுக்குச் சிவப்புச் சேனலில் வேறுபாடு மிக அதிகம்: நம் கணக்கில் 190-க்கு எதிராக 20. மச்சமும் தழும்பும்கூட நீலச் சேனலில் அழுத்தமாகவும் சிவப்பில் மங்கலாகவும் தெரியும்; அவை நூல் என்று தவறாகப் பதிவாவது குறையும். வெள்ளை லேஸுக்கு இது தலைகீழ். தோல் மிக இருட்டாக இருப்பது நீலச் சேனலில் என்பதால் அதை எடுக்க வேண்டும்.

சிவப்புச் சேனலை எடுத்து, தலைகீழாக்கி, Levels-இல் தோலைக் கருப்புக்கும் நூலை வெள்ளைக்கும் தள்ளினால் மாஸ்க் வந்துவிடும் என்று தோன்றும். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்திருந்தால் அது போதும். ஆனால் கை உருண்டையானது. வெளிச்சம் படும் பக்கம் தோல் 190 என்றால் நிழல் பக்கம் 110 இருக்கலாம். 190-ஐ மட்டும் தோலாக வைத்துக் கணக்கிட்டால், நிழல் பக்கத்து வெறும் தோலைக்கூட அது 0.47 மறைப்பு என்று சொல்லும். அந்த ஓட்டைகளில் 40-க்கும் மேல் சிவப்பு கூடி, கையின் ஒரு பக்கம் முழுவதும் சிவந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்துத் தோலோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதைச் செய்யும் வழி இது. ஓட்டைகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் படம் பெரிதாக இருக்க வேண்டும். Image > Mode-இல் 16 Bits/Channel வைத்துக்கொள்ளுங்கள்.

1. Solid Color லேயரை மறைத்துவிட்டு, Layers பேனலில் மூலப் பட லேயரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பின் சிவப்புச் சேனலைத் தேர்ந்து Ctrl+A, Ctrl+C. பிறகு RGB-ஐச் சொடுக்கி, Layers பேனலுக்கு வந்து Ctrl+V. சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் வரும். அதற்கு ‘சிவப்பு’ என்று பெயரிடுங்கள்.
2. அதை Ctrl+J மூலம் நகலெடுத்து ‘தோல்’ என்று பெயரிடுங்கள். அதன்மேல் Filter > Other > Maximum. நூல் 3 பிக்சல் அகலம் என்றால் Radius 3 போதும். ஓட்டைகளின் வெளிச்சம் இரண்டு பக்கமிருந்தும் பரவி நூல்களை விழுங்கிவிடும். பிறகு Gaussian Blur, 8 முதல் 10 பிக்சல். நெட் இல்லாத வெறும் கை போல ஒரு மென்மையான படம் கிடைக்கும். இதற்கு இன்னொரு நகல் எடுத்து மறைத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.
3. ‘சிவப்பு’க்கு நேர்மேலே இருக்கும் ‘தோல்’ லேயரின் மோடை Divide ஆக்குங்கள். ஒவ்வொரு பிக்சலும் அந்த இடத்துத் தோலால் வகுபடும். வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் சமமாகி, ஓட்டைகள் எல்லாம் வெள்ளையாகும். Ctrl+E அழுத்தி இரண்டையும் சேர்த்துவிட்டு, Ctrl+I மூலம் தலைகீழாக்குங்கள்.
4. Levels திறந்து வெள்ளை ஸ்லைடரை 228-க்குக் கொண்டுவாருங்கள். நூல் முழுக் கருப்பு இல்லை, 20 என்பதால் இந்த எண்: 20-ஐ 190-ஆல் வகுத்தால் 0.105, தலைகீழாக 0.895, அது 255-இல் 228. உங்கள் படத்து எண்களை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். கருப்பு ஸ்லைடரை 10 அளவில் வைத்தால், படத்தில் இருக்கும் Noise புள்ளிகளால் ஓட்டைகளில் ஏறியிருக்கும் மெல்லிய சாம்பல் போய்விடும்.
5. இதை Ctrl+A, Ctrl+C செய்து, Solid Color லேயரின் மாஸ்க்கை Alt அழுத்திச் சொடுக்கி, அதில் ஒட்டுங்கள். கைக்கு வெளியே உள்ள பகுதி முழுவதையும் மாஸ்க்கில் கருப்பால் நிரப்புங்கள். வேலை செய்த சாம்பல் லேயரை மறைத்துவிட்டு, Solid Color லேயரை மறுபடி தெரியவையுங்கள்.

Maximum பயன்படுத்தும்போது இரண்டு இடங்களில் தவறு நேரும், இரண்டையும் கண்ணாலேயே பிடிக்கலாம். முதலாவது, நெட்டின்மேல் கெட்டியான பூ வேலை இருந்தால். பூவின் நடுவில் பக்கத்தில் எங்கும் தோல் இல்லை. Maximum அங்கே நூலையே தோல் என்று எடுத்துக்கொள்ளும், நூலை நூலால் வகுத்தால் 1, மறைப்பு 0. விளைவு, பூவின் ஓரம் மட்டும் மெரூனாகி நடு கருப்பாகவே நிற்கும். மாஸ்க்கில் அந்தப் பூக்களின் நடுவை வெள்ளைப் பிரஷால் அடைத்தால் சரியாகும். இரண்டாவது, கையின் விளிம்பு. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், Maximum சுவரின் வெளிச்சத்தைக் கைக்குள் இழுத்துவரும். விளிம்பு நெடுகிலும் மெரூன் கோடு ஒன்று போட்டதுபோல வரும். இதைத் தவிர்க்க, 2-ஆம் படியில் Maximum கொடுப்பதற்கு முன், ‘தோல்’ லேயரில் கைக்கு வெளியே உள்ள பகுதியை அருகிலுள்ள தோலின் சாம்பல் அளவால் பூசிவிடுங்கள்.

ஓட்டைகளே தெரியாத அளவுக்கு மெல்லிய நெட் என்றால் இந்த வழி பலிக்காது, ஏனெனில் Maximum எடுப்பதற்கு வெறும் தோல் எங்கும் இல்லை. அங்கே துணி முடியும் இடத்துக்கு வெளியே உள்ள தோலைப் பார்த்து, ‘தோல்’ லேயரைப் பிரஷால் அல்லது கிரேடியன்ட்டால் நீங்களே வரைய வேண்டும். அதன்பின் 3-ஆம் படியிலிருந்து எல்லாம் அதேதான்.

வெளிச்சமும் நிழலும்

இந்த நிலையில் படம் பெரும்பாலும் சரியாக இருக்கும், நிழல் பக்கத்தைத் தவிர. அங்கே மெரூன் தானே ஒளிர்வதுபோலத் தோன்றும். வெளிச்சத்தில் 90, 0, 20 கூட்ட வேண்டிய நூலுக்கு, நிழலிலும் அதே அளவைக் கூட்டிவிட்டோம். நிழலில் தோல் 190-இலிருந்து 110-ஆகக் குறைந்திருக்கிறது என்றால், கூட்டுவதும் அதே விகிதத்தில், அதாவது 0.58 மடங்காகக் குறைய வேண்டும்.

இதற்குத்தான் அந்த ‘தோல்’ நகல். கை முழுவதும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதன் வரைபடம் அது. Solid Color லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டு, குரூப்பின் மோடு Pass Through என்று இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். குரூப்புக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, அதில் ‘தோல்’ நகலை ஒட்டுங்கள். அந்த மாஸ்க்கில் Levels திறந்து வெள்ளை ஸ்லைடரை 190-இல் வையுங்கள். வெளிச்சப் பக்கம் முழு வெள்ளையாகும், நிழல் பக்கம் 148 ஆகும். அது 255-இன் 0.58 மடங்குதான். மறைப்பு ஒரு மாஸ்க்கிலும் வெளிச்சம் இன்னொரு மாஸ்க்கிலும் தனித்தனியாக இருப்பதால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடாது. மெரூன் வேண்டாம், கரும்பச்சை வேண்டும் என்றால் Solid Color-இன் எண்ணை மாற்றினால் போதும்.

இன்னொரு நிழல் இருக்கிறது. அது அவ்வளவு எளிதில் வழிக்கு வராது. நெட் தோலிலிருந்து சற்று விலகி நிற்கும் இடத்தில், ஒவ்வொரு நூலும் தோலின்மேல் தன் நிழலைப் போடும். 200% பெரிதாக்கிப் பார்த்தால் நூல்கள் இரட்டைக் கோடாகத் தெரியும். அந்த நிழல் தோலைச் சேர்ந்தது, நிறம் மாறக் கூடாது. ஆனால் கருப்பு நூல் பாதி மறைத்த தோலும் நிழல் விழுந்த தோலும் ஏறக்குறைய ஒரே எண்களைத் தரும். நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை, இடத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஆகவே எந்தக் கோடு நூல், எந்தக் கோடு நிழல் என்று பார்த்து, மறைப்பு மாஸ்க்கில் நிழல் கோட்டை 20% Flow உள்ள கருப்பு பிரஷால் குறைக்க வேண்டும். எல்லா இடத்திலும் செய்ய வேண்டியதில்லை. முழங்கை மடிப்பு, தோள்பட்டைக்குக் கீழே என்று துணி விலகி நிற்கும் சில இடங்களில் செய்தால் கண் ஏற்றுக்கொள்ளும். வெள்ளை லேஸில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நூல் தோலைவிட வெளிச்சமாகவும் நிழல் தோலைவிட இருட்டாகவும் இருப்பதால் அவை தானே பிரிந்து நிற்கும்.

வெள்ளை லேஸ் என்றால்

கணக்கு அதேதான், குறி மட்டும் மாறும். வெள்ளை நூல் 235, 235, 230. வேண்டியது 60, 110, 150 என்ற நீலம். வித்தியாசம் கழித்தலில் வருகிறது: 175, 125, 80. இந்த நிறத்தில் Solid Color போட்டு, மோடை Subtract ஆக்குங்கள். ‘தோல்’ லேயருக்கு Maximum-க்குப் பதில் Minimum, ஏனெனில் இங்கே தோல்தான் இருட்டு. 3-ஆம் படியில் ‘தோல்’ லேயரின் மோடு Divide-க்குப் பதில் Subtract; வெளிச்சமான நூலை இருட்டான தோலால் வகுத்தால் எல்லாமே வெள்ளையாகிவிடும். கழித்தபின் ஓட்டைகள் கருப்பாகவும் நூல்கள் வெளிச்சமாகவும் இருப்பதால் Ctrl+I வேண்டாம்; Levels-இன் வெள்ளை ஸ்லைடரை நீலச் சேனலில் நூலுக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசத்தில் வையுங்கள், நம் எண்களில் 230-இலிருந்து 110 போக 120. நிழலில் இந்த வித்தியாசமும் அதே விகிதத்தில் குறைந்துவிடும், ஆகவே இங்கே தனியாக வெளிச்ச மாஸ்க் தேவையில்லை.

ஒரு சேனலில் கூட்டவும் இன்னொன்றில் கழிக்கவும் வேண்டியிருந்தால், உதாரணமாகச் சிவப்பு நெட்டை நீலமாக்கினால், இரண்டு Solid Color லேயர்கள் வேண்டும்: கூட்ட வேண்டிய எண்கள் Linear Dodge-இல், கழிக்க வேண்டியவை Subtract-இல், இரண்டுக்கும் ஒரே மாஸ்க்.

கருப்பை வெள்ளையாக்குவதை மட்டும் தொடக்கத்திலேயே முயல வேண்டாம். கருப்பு நூலில் முறுக்கும் நெளிவும் பெரும்பாலும் பதிவாகியே இருக்காது, எல்லாம் 15-க்கும் 25-க்கும் நடுவே அடங்கிவிடும். அதோடு ஒரே அளவைக் கூட்டினால் நூல்கள் காகிதத்தில் வெட்டியவை போலத் தட்டையாக நிற்கும். மேலும், நிஜத்தில் வெள்ளை நெட் தன்மேல் விழும் வெளிச்சத்தை உள்ளே உள்ள தோல்மேலும் சிதறடிக்கும், கருப்பு நெட் அதை விழுங்கும். படத்தில் இருப்பது கருப்பு நெட்டுக்குக் கீழே இருந்த தோல். மெரூன், கரும்பச்சை, கருநீலம் போன்ற நிறங்களில் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

தோல் மாறவில்லை என்று எப்படித் தெரியும்

கண்ணை நம்பிச் சொல்லக் கூடாது. பக்கத்தில் மெரூன் வந்ததும் மாறாத தோல்கூடச் சற்று வேறு சாயலாகத் தோன்றலாம். மூல லேயரின் நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மோடை Difference ஆக்குங்கள். மாறாத இடம் கருப்பாகவும் மாறிய இடம் நிறமாகவும் தெரியும். அதன்மேல் தற்காலிகமாக ஒரு Levels லேயர் போட்டு வெள்ளை ஸ்லைடரை 40-க்கு இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றமும் வெளிப்படும். ஓட்டைகள் கருப்பாகவும் நூல்கள் சிவப்பு வலையாகவும் தெரிந்தால் வேலை சரி. ஓட்டைகளிலும் சிவப்பு மூட்டம் இருந்தால் மறைப்பு மாஸ்க்கின் கருப்பு ஸ்லைடரை 10-இலிருந்து இன்னும் சற்று உயர்த்துங்கள். புள்ளிகளாகத் தெரிந்தால் அவை மச்சமோ கை முடியோ ஆகும். மாஸ்க்கில் கருப்பால் தொட்டு எடுத்துவிடுங்கள். சரிபார்த்தபின் இந்த இரண்டு லேயர்களையும் நீக்குங்கள்.

சேமிக்கும்போதும் தோல் மாற ஒரு வாய்ப்பு இருக்கிறது. JPEG கோப்பு பல நேரங்களில் நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்து வைக்கும். வெளிச்சத் தகவலை முழுதாக வைக்கும். கருப்பு நெட்டில் அது பெரிதாகத் தெரியாது. இப்போது நூலுக்குத் தனி நிறம் வந்துவிட்டதால், அந்த மெரூன் பக்கத்து ஓட்டைகளுக்குள் கசிந்து, தோல் முழுவதும் லேசாகச் சிவந்ததுபோல ஆகும். லேயர்களோடு உள்ள கோப்பில் இல்லாத சிவப்பு JPEG-இல் மட்டும் வந்தால் காரணம் இதுதான். Save a Copy-இல் JPEG-ஐத் தேர்ந்து Quality 10-க்குக் குறையாமல் வையுங்கள், சேமித்த கோப்பைத் திறந்து ஓட்டைகளின் எண்களை Info பேனலில் மூலப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு எண்கள் முன்பின் இருப்பது இயல்பு. சிவப்பு மட்டும் 5, 6 என்று எல்லா ஓட்டைகளிலும் ஏறியிருந்தால் Quality-ஐ உயர்த்தி மறுபடி சேமிக்க வேண்டும்.